நடுமேடு இல்லாத கேக்

எட்டு அங்குல வட்ட டின்னில் வெந்த வெனிலா கேக் ஒன்றை ஆறவைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், நடுவில் நாலரை. ‘நல்லா உப்பி வந்திருக்கு’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மாலை டீக்குத் துண்டு போட்டுச் சாப்பிடும் கேக் என்றால் அதில் குறை ஒன்றுமில்லை. அதே கேக்கை இரண்டடுக்குப் பிறந்தநாள் கேக்காக மாற்ற நினைக்கும்போதுதான் அந்த உப்பல் தொல்லையாகிறது.

கீழ் அடுக்கின் மேட்டின்மேல் அடுத்த அடுக்கை வைத்தால், அது நடுவில் மட்டும்தான் உட்காரும். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து நிற்கும். அதைக் கிரீமால் அடைத்தால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் மேலடுக்கின் ஓரத்து எடையை அந்தக் கிரீம் தாங்கவேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் சேர்த்த கிரீம் இளகும்போது அடுக்கு மெல்ல இறங்கும். கேக்கின் இடுப்பில் கிரீம் வளையமாகப் பிதுங்கும், சில சமயம் மேலடுக்கே நடுவில் விரிந்துவிடும். அதனால்தான் அடுக்குக் கேக் செய்பவர்கள் எல்லோரும் மேட்டைக் கத்தியால் சீவி எறிகிறார்கள்.

சீவுவதில் எவ்வளவு போகிறது என்று பலர் கணக்குப் பார்ப்பதில்லை. 20 சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டின் கன அளவு சுமார் 237 கன சென்டிமீட்டர். அதற்குக் கீழே உள்ள மட்டமான பகுதி சுமார் 940. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கேக் குப்பைக்கோ, சமையலறையில் நிற்பவர் வாய்க்கோ போகிறது. அந்த 237-ஐயும் வட்டம் முழுக்கப் பரப்பினால் கேக்கின் உயரம் எங்கும் முக்கால் சென்டிமீட்டர் கூடும். ஆக, நடுவில் எழுந்த மேடு நமக்குக் கிடைத்த லாபம் இல்லை. ஓரத்துக்குச் சேர வேண்டிய உயரம் நடுவில் போய்க் குவிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை ஓரத்துக்குத் திருப்பித் தர இரண்டு வழிகள் உண்டு: ஓவனின் சூட்டைக் குறைப்பது, டின்னைச் சுற்றி ஈரத் துணி கட்டுவது. இந்த இரண்டுக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் கத்தி.

ஓரம் முந்துகிறது

மேடு ஏன் வருகிறது என்பது டின்னுக்குள் முதல் இருபது நிமிடத்தில் நடப்பதைப் பொறுத்தது. கேக் கலவை ஓவனுக்குள் போகும்போது கெட்டியான திரவம். சூடு ஏற ஏற, முதலில் வெண்ணெய் உருகிக் கலவை இன்னும் இளகுகிறது. பேக்கிங் பவுடர் வாயுவை வெளியிடுகிறது. நாம் அடித்துச் சேர்த்த காற்றுக் குமிழிகளுக்குள் அந்த வாயுவும் நீராவியும் புகுந்து அவற்றைப் பெரிதாக்க, கலவை எழும்புகிறது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முட்டையின் புரதம் இறுகி, மாவின் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பி, கலவை திடமாகத் தொடங்கும். எந்த இடம் திடமாகிவிட்டதோ அந்த இடம் அதற்குமேல் எழும்பாது. அங்கே உயரம் பூட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது டின் முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் கேக் மட்டமாக வரும். ஆனால் நடப்பதில்லை. நடுப்பகுதிக்குச் சூடு அடியிலிருந்தும் மேலிருந்தும் மட்டும் வருகிறது. ஓரத்துக்கோ இவை இரண்டோடு மூன்றாவதாக டின்னின் பக்கச் சுவரும் சேர்ந்துகொள்கிறது. உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும். கேக் கலவையோ குமிழி நிறைந்தது, சூட்டை மந்தமாகத்தான் உள்ளே விடும். அதனால் சுவரை ஒட்டிய கலவை சில நிமிடங்களிலேயே வெந்து இறுகிவிடுகிறது. நடுவில் இருப்பது அப்போதும் திரவம்தான். அதிலிருக்கும் பேக்கிங் பவுடர் தொடர்ந்து வேலை செய்கிறது. பக்கவாட்டில் விரிய வழியில்லை, ஓரம் அணைபோல் நிற்கிறது. போக மிஞ்சிய ஒரே திசை மேல்திசை. அதற்குள் மேலே ஆடைபோல் ஒரு தோலும் உலர்ந்திருந்தால், கீழிருந்து வரும் அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு எழும். நடுமேட்டில் விழும் வெடிப்புக்கு இதுதான் காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் ஓவனிலிருந்து வெளியே வந்த கேக்கைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடலாம். நடு வெடித்து, ஓரம் கரும்பழுப்பாக, தொட்டால் பிஸ்கட்போலக் கடினமாக இருந்தால் சூடு அதிகம். நடு பள்ளமாக இறங்கியிருந்தால் கதை வேறு: வேகாமல் எடுத்திருக்கலாம், பேக்கிங் பவுடர் கூடியிருக்கலாம், அல்லது பாதி வேக்காட்டில் கதவைத் திறந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து மறுபக்கம் சரிந்திருந்தால், ஓவனின் தட்டு சாய்ந்திருக்கிறது அல்லது ஒரு பக்கச் சூடு அதிகம். இந்தக் கடைசி இரண்டுக்கும் இங்கே சொல்லப்போகும் வைத்தியம் உதவாது.

180-ஐ 160 ஆக்கினால்

ஓரத்தின் அவசரத்தைக் குறைக்க எளிய வழி மொத்தச் சூட்டையும் குறைப்பது. சமையல் குறிப்புகளில் பெரும்பாலும் 180 டிகிரி செல்சியஸ் என்றிருக்கும். அதை 160 ஆக்கினால் சுவர் சூடேறுவது தாமதமாகும், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான சூட்டு வித்தியாசம் சுருங்கும். ஓரம் இறுகுவதற்குள் நடுவிலும் வேக்காடு தொடங்கியிருக்கும். மேல்தோலும் தாமதமாக உலரும். மேடு முழுவதும் மறைந்துவிடாது. ஒன்றரை சென்டிமீட்டர் எழுந்த இடத்தில் அரையோ முக்காலோ எழும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 225 கிராம், முட்டை 4, பால் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டரை தேக்கரண்டி, மாவு 225 கிராம். மாவில் 200 கிராம் மைதாவும் 25 கிராம் சோளமாவும் இருக்கட்டும். நம் கடை மைதாவில் புரதம், வெளிநாட்டில் கேக்குக்கென்றே விற்கும் மாவைவிடக் கொஞ்சம் அதிகம். சோளமாவு சேர்ப்பது அதைச் சமன்படுத்தும். வெண்ணெயும் முட்டையும் ஃபிரிட்ஜ் குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வந்திருக்கவேண்டும். குளிர்ந்த கலவையில் நடு இன்னும் பிந்தும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து இலேசாகும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சலித்த மாவையும் பாலையும் மெதுவாகக் கலந்தால் மொத்தம் ஏறத்தாழ 900 கிராம் கலவை வரும். மாவு சேர்த்த பிறகு அதிக நேரம் அடிக்கக்கூடாது. மைதாவின் புரதம் இழுவை பெற்றுவிட்டால் வாயு அதைத் துளைத்துக்கொண்டு கூம்பாக எழும், கேக்கை வெட்டினால் உள்ளே நீளநீளமான பொந்துகள் தெரியும்.

இந்தக் கலவையைக் கண்ணளவில் பிரிக்காமல் தராசில் வைத்து, 2 அங்குல உயரமுள்ள இரண்டு எட்டு அங்குல டின்களில் 450 கிராமாக ஊற்றுங்கள். டின் வெள்ளை அலுமினியமாக இருப்பது நல்லது. கறுப்புப் பூச்சுள்ள டின் ஓவனின் கதிர்ச்சூட்டை அதிகம் உறிஞ்சும், ஓரம் இன்னும் சீக்கிரம் இறுகும். ஊற்றிய பிறகு கரண்டியின் முதுகால் கலவையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் மிக லேசான பள்ளம் விழும்படி விடுங்கள். பிறகு டின்னை மேசையில் ஒருமுறை தட்டினால் பெரிய குமிழிகள் உடையும்.

180 டிகிரியில் இந்த அடுக்கு 25 முதல் 28 நிமிடங்களில் வெந்துவிடும். 160-இல் 35 நிமிடம் வரை ஆகலாம். கடிகாரத்தைவிட நம்பகமானது கேக்கே தரும் அடையாளம். நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் விழாமல் திரும்பி எழவேண்டும், டூத்பிக் குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் வரவேண்டும். உணவு வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம். 96 முதல் 98 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

இதில் வீட்டில் சறுக்கும் இடம் ஓடிஜி. அதன் குமிழில் 160 என்று திருப்பிவிட்டால் உள்ளே 160 இருக்கும் என்று உறுதியில்லை. பல ஓடிஜிகளில் குமிழ் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் உண்டு. உள்ளே தொங்கவிடும் சின்ன ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி, கால்மணி நேரம் சூடேற்றிய பிறகு அது என்ன காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், குமிழை எங்கே நிறுத்தவேண்டும் என்பது தெரிந்துவிடும். விசிறி ஓடும் ஓவன் என்றால், குறிப்பில் உள்ள சூட்டிலிருந்து 20 டிகிரி முதலிலேயே குறைத்துக்கொள்வது வழக்கம். வேகமாக வீசும் சூடான காற்று அதே வெப்பநிலையில் கூடுதல் சூட்டைத் தருவதோடு மேல்தோலையும் சீக்கிரம் உலர்த்தும். விசிறியை நிறுத்தும் வசதி இருந்தால் கேக்குக்கு நிறுத்திவிடலாம். டின்னை மேல் காயிலுக்கு அருகில் வைக்காமல், கேக்கின் மேற்பரப்பு ஓவனின் நடுவில் வரும்படி தட்டை வையுங்கள்.

160 நன்றாக இருக்கிறது, 140 இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது. சூடு மிகவும் குறைந்தால் குமிழிகளைப் பிடித்துவைக்கும் சுவர் இறுகுவதற்கு முன்பே அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மேலே வந்து உடைந்துவிடும். கேக் மட்டமாகத்தான் வரும். ஆனால் உயரம் குறைந்து, உள்ளே கரடுமுரடாக, மேலே வெளிறிப்போய் வரும். நீண்ட நேரம் ஓவனில் இருப்பதால் ஈரமும் போய்விடும். வீட்டு ஓவனில் 160-ஐ ஒட்டி நிற்பது பாதுகாப்பு.

டின்னுக்கு ஈரத் துணி

சூட்டைக் குறைப்பதில் ஒரு குறை உண்டு. ஓரத்தை அடக்குவதற்காக நடுவையும் சேர்த்து மந்தப்படுத்துகிறோம். உண்மையில் அடக்கவேண்டியது பக்கச் சுவரை மட்டும்தான். அந்த வேலையைச் செய்வது ஈரத் துணிப் பட்டை.

இதன் விஞ்ஞானம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் அடி கருகாது. வற்றிய பிறகுதான் கருகும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறாது, வரும் சூட்டையெல்லாம் ஆவியாவதற்கே செலவழிக்கும். ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல், அதே தண்ணீரை ஆவியாக்க ஆகும். ஈரத் துணி சுற்றிய டின் சுவருக்கும் இதுதான் நிலை. ஓவன் 160-இல் இருந்தாலும் 180-இல் இருந்தாலும், துணியில் ஈரம் இருக்கும்வரை சுவர் 100 டிகிரிக்குக் கீழேதான் நிற்கும். அடியும் மேலும் வழக்கம்போல் சூடு வாங்கும். ஓரமும் நடுவும் ஏறக்குறையச் சேர்ந்தே எழும்பி, சேர்ந்தே இறுகும்.

வெளிநாட்டுக் கடைகளில் இதற்கென்றே பட்டை விற்கிறார்கள். அமெரிக்காவின் வில்டன் நிறுவனம் விற்கும் பட்டை, வெளியே வெள்ளிப் பூச்சும் உள்ளே நீரை உறிஞ்சும் துணியும் உள்ளது. ‘தி கேக் பைபிள்’ நூலை 1988-இல் வெளியிட்ட ரோஸ் லெவி பெரன்பாம் தன் பெயரிலேயே சிலிக்கான் பட்டை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சிலிக்கான் நீரை நம்பாமல், சூட்டை மந்தமாகக் கடத்தும் தன் குணத்தாலேயே சுவரைக் காக்கிறது. இப்போது இந்தியாவிலும் இணையத்தில் இவை கிடைக்கின்றன. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வீட்டில் நைந்துபோன பருத்தித் துவாலை ஒன்று போதும்.

எட்டு அங்குல டின்னின் சுற்றளவு 63, 64 சென்டிமீட்டர். துவாலையிலிருந்து 75 சென்டிமீட்டர் நீளமும் டின்னின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு அகலமும் உள்ள துண்டைக் கிழித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். துணி முழுப் பருத்தியாக இருக்கவேண்டும், பாலியஸ்டர் கலந்திருந்தால் ஓவனில் உருகக்கூடும். பட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கால்மணி நேரமாவது ஊறவிடுங்கள். பிறகு எடுத்து, சொட்டுவது நிற்கும் அளவுக்கு மட்டும் பிழியுங்கள். துணி துவைத்துப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்தால் ஈரம் சீக்கிரமே போய், பாதி வேக்காட்டில் பட்டை காய்ந்துவிடும். சொட்டச்சொட்ட விட்டால் ஓவன் தட்டில் நீர் விழும், ஓடிஜியில் அது கீழ்க் காயிலில் சொட்டும்.

பட்டையைக் கலவை ஊற்றிய பிறகு, டின் சுவரோடு இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். மேல் விளிம்பு டின்னின் விளிம்புக்குச் சமமாக நிற்கட்டும். அதற்குமேல் துணி நீட்டிக்கொண்டிருந்தால் கேக்கின் மேல் சரியும். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் பெரிய இரும்பு ஊக்கு ஒன்றைக் குத்திவிடுங்கள். பிளாஸ்டிக் தலை உள்ள ஊக்கு வேண்டாம். துணி நழுவும் என்று பயந்தால், ஈரப் பட்டையை அலுமினியத் தாளில் உறைபோல் மடித்துச் சுற்றலாம். தாள் ஈரத்தையும் நீண்ட நேரம் காக்கும்.

தொங்கும் நுனி எதுவும் காயிலையோ, கேஸ் ஓவனில் தீயையோ தொடக்கூடாது. காய்ந்த பருத்தி தீப்பிடிக்கும் பொருள். சின்ன ஓடிஜியில் டின்னுக்கும் காயிலுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் இருக்கும் என்பதால், அங்கே அலுமினியத் தாள் உறை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் ஓவனில் கன்வெக்ஷன் முறையில் மட்டும் உலோக டின்னும் ஊக்கும் தாளும் வைக்கலாம், மைக்ரோவேவ் முறையில் கூடாது.

முன்பு சொன்ன 450 கிராம் அடுக்கைப் பட்டை கட்டி 160 டிகிரியில் வைத்தால் 38 முதல் 42 நிமிடம் ஆகும். பட்டை கட்டி 170-இல் வைத்தால் சில நிமிடம் முன்னதாக வெந்துவிடும், மட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. 35-ஆவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். கேக் டின்னின் ஓரத்தைவிட்டு விலகினால் வெந்துவிட்டது என்று பலர் கணிப்பார்கள். பட்டை கட்டிய கேக்கில் ஓரம் அவ்வளவு வறண்டு சுருங்காது. விலகும்வரை காத்திருந்தால் கேக் உலர்ந்துவிடும். விரலையும் டூத்பிக்கையும் நம்புங்கள்.

வெளியே எடுத்ததும் பட்டையைப் பாருங்கள். இன்னும் லேசாக ஈரமாக இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. மொறுமொறுப்பாகக் காய்ந்து பழுப்பேறியிருந்தால் அடுத்த முறை இரண்டு மடிப்புக்குப் பதில் மூன்று மடிப்பு வேண்டும். கேக்கின் பக்கவாட்டிலும் மாற்றம் தெரியும். கரும்பழுப்புத் தோல் இல்லாமல் வெளிர் பொன்னிறமாக, உள்ளிருப்பது போலவே மிருதுவாக இருக்கும். கிரீம் பூசும் கேக்குக்கு இது தனி வசதி.

மிச்சத்துக்குக் கத்தி

இவ்வளவு செய்தும் அரை சென்டிமீட்டர் மேடு மிஞ்சலாம். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி மட்டமாக்குபவர்கள் உண்டு. மிகச் சிறிய மேடு அடங்கும். பெரிய மேட்டை அழுத்தினால் குமிழிகள் நசுங்கி, நடுவில் பிசுபிசுப்பான அடர்த்தியான படலம் ஒன்று உருவாகும். வெட்டும்போது அது தனியாகத் தெரியும். அதைவிட வெட்டுவதே நல்லது.

வெட்டுவதில் முக்கால் பங்கு வெற்றி காத்திருப்பதில் இருக்கிறது. சூடான கேக்கின் ஸ்டார்ச் இன்னும் இளகிய நிலையில் இருப்பதால் கத்தி பட்டதும் பிய்ந்து தூளாகும். டின்னில் பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுதும் ஆறும்வரை, அதன்பின் கிளிங் ஃபிலிம் சுற்றி ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம். முதல்நாள் இரவே செய்து வைப்பது இன்னும் நல்லது. குளிரில் வெண்ணெய் இறுகி கேக் கெட்டிப்படும், கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

கத்தி, பல் வைத்த நீளமான பிரெட் கத்தி. கேக்கின் விட்டத்தைவிட நீளமாக, 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கேக்கைச் சுழல் தட்டில் வைத்து, ஓரத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் எது என்று பாருங்கள். வெட்டும் உயரம் அதுதான். அந்த உயரத்தை அளந்து, சுற்றிலும் ஆறேழு இடங்களில் டூத்பிக் குத்துங்கள். இனி கத்தியை டூத்பிக்குகளின்மேல் படுக்கவைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டைச் சுழற்றுங்கள். முதல் சுற்றில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழக் கீறல் மட்டும் விழவேண்டும். அந்தக் கீறல் முழு வட்டமாகச் சேர்ந்த பிறகே உள்ளே போகவேண்டும். கீறல் கத்திக்குத் தடம். தடம் சேர்வதற்குள் அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் கத்தி மேலேயோ கீழேயோ ஏறி, மறுபக்கம் வெளிவரும்போது உயரம் மாறிவிடும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தபடி நடுவை எட்டுங்கள். கீழ்நோக்கி அழுத்தம் தேவையில்லை.

கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. கேக்கை வேகவைத்த டின்னையே அச்சாக்கிக்கொள்ளலாம். டின்னின் அடியில் வட்டமாக வெட்டிய அட்டைகளை அடுக்கி, அதன்மேல் கேக்கைத் திரும்ப இறக்குங்கள். மேடு மட்டும் விளிம்புக்கு மேலே தெரியும்வரை அட்டைகளைக் கூட்டுங்கள். பிறகு கத்தியை விளிம்பின்மேல் இரு பக்கமும் படும்படி வைத்து அறுத்தால் கோணல் வர வழியே இல்லை. இரண்டு அடுக்குக்கும் அதே அட்டைகளை வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் வரும். வில்போன்ற சட்டத்தில் கம்பி கட்டிய கேக் லெவலர் கடைகளில் கிடைக்கிறது. அதன் கால்கள் இரண்டும் மேசையைவிட்டு எழாமல் இழுக்கவேண்டும். ஓரத்தில் கெட்டித் தோல் உள்ள கேக்கில் கம்பி சிக்கிக்கொள்ளும், அதனால் முதலில் கத்தியால் சிறு கீறல் போட்டுக்கொள்வது நல்லது.

அடுக்கும்போது கீழ் அடுக்கின் வெட்டிய பக்கம் மேலே இருக்கட்டும், கிரீம் அதில் நன்றாகப் பிடிக்கும். மேல் அடுக்கைக் கவிழ்த்து வையுங்கள். டின்னின் அடியில் படிந்து வெந்த பக்கம் இயல்பாகவே மட்டமானது, தூளும் உதிராது. கேக்கின் உச்சி அதுவாக இருந்தால் மேலே கிரீம் பூசுவது சுலபம்.

எந்தக் கேக்குக்கு வேண்டாம்

டின் பெரிதாகும்போது நடுவுக்கும் சுவருக்கும் தூரம் கூடுகிறது. 10, 12 அங்குல டின்களில் நடு வேகும் நேரத்துக்குள் ஓரம் ரஸ்க்காகிவிடும். அங்கே குறைந்த சூடு, பட்டை இரண்டும் சேர்ந்தே வேண்டும். அத்தோடு, பூ போடுவதற்கான உலோக ஆணி ஒன்றில் வெண்ணெய் தடவி, தட்டையான தலை டின்னின் அடியில் படியும்படி நடுவில் தலைகீழாக நிறுத்திவிட்டுக் கலவை ஊற்றுவார்கள். ஆணி வழியே நடுவுக்கும் சூடு போகும்.

ஷிஃபான், ஏஞ்சல் ஃபுட் போன்று முட்டை வெள்ளைக்கருவின் பலத்தில் எழும் கேக்குகளுக்குப் பட்டை கட்டாதீர்கள். அவை எண்ணெய் தடவாத சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுபவை, சுவர் சூடாக இருக்கவேண்டும். நீள டின்னில் வேகும் பவுண்ட் கேக்கில் நடுவில் விழும் வெடிப்பு அந்தக் கேக்குக்கு அழகு. மஃபினில் மேடு வேண்டுமென்றே வரவழைக்கப்படுகிறது. அதனால்தான் அதை முதல் சில நிமிடம் 200 டிகிரிக்கு மேல் வைத்து, பிறகு சூட்டைக் குறைக்கிறார்கள்.

எட்டு அங்குல அடுக்குக்கு இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்பது உங்கள் ஓவனைப் பொறுத்தது. முதல் முறை சூட்டை மட்டும் குறைத்துச் செய்யுங்கள். சீவிய மேட்டை வாயில் போடும் முன் தராசில் வையுங்கள். 180 டிகிரியில் வெந்த அடுக்கிலிருந்து 75, 80 கிராம் கழிந்திருக்கும். இப்போது 40 கிராமுக்கு மேல் வந்தால் அடுத்த முறை பட்டையும் கட்டவேண்டும். 20 கிராமுக்குள் நின்றால் உங்கள் ஓவனின் சரியான சூட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். குமிழ் நின்ற இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.